லேப்டாப் வாங்கும் முன் பார்க்க வேண்டிய நாலு விஷயம்

"நேர்மையா சொல்றேன்" என்று ஆரம்பிக்கும் எந்த ஆளையும் இப்போது நான் நம்புவதில்லை. நானே அப்படித்தான் ஆரம்பிப்பேன். மூன்று வருடம், ஒவ்வொரு வீடியோவிலும், கேமராவைப் பார்த்து, நெஞ்சில் கை வைக்காத குறையாக, "மாணவர்களே, நேர்மையா சொல்றேன்." இப்போது அந்தப் பழைய வீடியோக்களில் என் மூஞ்சி வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

அம்பத்தூரில் ஒரு சர்வீஸ் கடையில் பன்னிரண்டு வருடம் லேப்டாப் பிரித்தவன் நான். தேநீர் கொட்டிய கீபோர்டு, எறும்பு கூடு கட்டிய மதர்போர்டு, ஒடிந்த கீல், எல்லாம் பார்த்தாயிற்று. எந்தக் கம்பெனி எதில் கஞ்சத்தனம் செய்யும் என்று மூடியைத் திறக்காமலே சொல்வேன். அந்தத் திமிரில்தான் யூடியூப் சேனல் தொடங்கினேன். கேமராவும் எடிட்டிங்கும் என் நண்பன். சின்ன வயதிலிருந்து ஒரே தெரு, ஒரே சர்ச், ஒரே ஞாயிறு வகுப்பில் பாதிரியாரிடம் ஒன்றாகத் திட்டு வாங்கியவர்கள். அவன் வாயைத் திறந்தால் அம்பத்தூர் முழுக்கக் கேட்கும். நான் கேமரா முன்னால் போட்டுக்கொள்ளும் பவ்யமான தமிழைப் பார்த்து, "இன்னா மச்சான், நியூஸ் வாசிக்கிறியா?" என்று சிரிப்பான்.

கல்லூரி சேரும் நேரத்தில்தான் எங்கள் சேனலுக்கு அறுவடை. மாணவர்களுக்கான லேப்டாப் வாங்கும் வழிகாட்டி என்று ஒரு வீடியோ போட்டால், மற்ற பதினொரு மாதம் போட்டதெல்லாம் சேர்ந்து வராத பார்வை வரும். அந்த வருடம் ஐம்பதாயிரத்துக்குள் என்று வரம்பு வைத்துக்கொண்டோம். அதில் மூன்று லேப்டாப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டோம். அம்பத்தூர் தொழிற்பேட்டை, நாங்கள் எஸ்டேட் என்போம், அதன் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் மூன்றையும் இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். கம்பெனிக்காரனிடம் காசு வாங்கவில்லை. வீடியோவுக்குக் கீழே கொடுக்கும் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் எங்களுக்கு ஒரு சின்னப் பங்கு வரும், அதையும் வீடியோவிலேயே சொல்லிவிடுவேன். அதனால் நான் யோக்கியன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

வீடியோவின் தொடக்கத்தில் நான்கு விரலை நீட்டி, "லேப்டாப் வாங்கும் முன் பார்க்க வேண்டிய நாலு விஷயம்" என்று சொன்னேன். முதல் விஷயம் பிராசஸர். ஸ்டிக்கரில் ஐ ஃபைவ் என்று இருந்தால் மட்டும் போதாது, எந்தத் தலைமுறை, எண்ணுக்குப் பின்னால் என்ன எழுத்து என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, ஹார்ட் டிஸ்க் இருந்த காலம் போய்விட்டது, எஸ்எஸ்டி இல்லாததைத் தொடாதே. மூன்றாவது டிஸ்ப்ளே. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கறுத்துப்போகும் திரையை வாங்கி நாலு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

நான்காவதுதான் என் பன்னிரண்டு வருட அனுபவம் முழுக்க அடங்கிய இடம். ரேம். எத்தனை ஜிபி என்று எல்லாரும் பார்ப்பார்கள். அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சில மெஷின்களில் எட்டு ஜிபி மதர்போர்டோடு பற்றவைத்தது, கூடவே இன்னொன்று செருக ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். சிலவற்றில் பற்றவைத்தது மட்டும்தான். பிறகு தலைகீழாக நின்றாலும் கூட்ட முடியாது. நாங்கள் முதலிடம் கொடுத்த லேப்டாப்பிலேயே இந்த இரண்டு வகையும் உண்டு. ஒரே பெயர், ஒரே நிறம், ஆன்லைனில் ஒரே படம். மாடல் எண்ணின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் வேறு, விலையில் கொஞ்சம் வித்தியாசம். ஸ்லாட் இல்லாததை வாங்கிவிடாதே, பெட்டியின் பக்கவாட்டில் முழு மாடல் எண்ணைப் பார், விற்பவரிடம் ஸ்லாட் உண்டா என்று கேட்டு வாங்கு. இதைத்தான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். நாற்பது நொடி.

எடிட் முடிக்கும்போது நண்பன் பழைய வீடியோக்களின் வரைபடத்தைத் திறந்து காட்டினான். பார்க்கிறவர்கள் எந்த நொடியில் எழுந்து போகிறார்கள் என்று யூடியூப் கோடு போட்டுக் காட்டும். ஒவ்வொரு வீடியோவிலும் நான் ரேம், ஸ்லாட், மாடல் எண் என்று ஆரம்பிக்கிற இடத்தில் கோடு தொப்பென்று விழுந்திருந்தது.

"பாத்தியா? இந்த எடத்துல அல்லாரும் எகிறிப் போய்க்கினு கீறாங்க. நீ பாடம் எடுக்கிற மச்சான். அத்த வெட்டிடு, வீடியோ நேரா ரிசல்ட்டுக்குப் போவட்டும்" என்றான்.

நான் மறுத்தேனா? மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஒரு நிமிடம் கோட்டைப் பார்த்தேன். "சரி, வெட்டு. கமென்ட்ல கேட்டா சொல்லிக்கலாம்" என்றேன். அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விட்டோம்.

ஒன்றை வெட்டினோம், ஒன்றை விட்டுவிட்டோம். கடைசியில் முடிவு சொல்லும் இடத்தில் நான் ஒரு வரி சொல்லியிருந்தேன். "இப்போதைக்கு எட்டு ஜிபி போதும், தேவைப்பட்டா அப்புறம் இன்னொரு எட்டு போட்டுக்கலாம்." அந்த நாற்பது நொடியோடு சேர்த்துக் கேட்டால் அது சரியான யோசனை. அது இல்லாமல் கேட்டால் பச்சைப் பொய். எனக்கு அப்போது அது உறைக்கவே இல்லை. வீடியோ பறந்தது. லைக் குவிந்தது. கமென்ட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்க யாருக்கு நேரம்? பஸ்ஸில் போகும்போது கட்டைவிரலால் வரிசையாக இதயம் போட்டுக்கொண்டே போவேன். ஒப்பிட்டதில் முதலிடம் கொடுத்த மெஷின் எனக்கே பிடித்துப்போய், ஸ்லாட் உள்ளதாகப் பார்த்து ஒன்று வாங்கி, இன்னொரு எட்டு ஜிபியும் செருகி, நண்பன் எடிட் செய்ய என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். எனக்கு வாங்கும்போது பெட்டியின் பக்கவாட்டைப் பார்க்க மறக்கவில்லை பாருங்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். எங்கள் சர்ச்சில்தான் பார்த்திருக்கிறேன், பாட்டுக்குழுவுக்குப் பின் வரிசையில் உட்காருவார். எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. பக்கத்தில் அவர் மகள், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருடம். மார்போடு ஒரு லேப்டாப் பையை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"தம்பி, நீதான வீடியோ போடறது? இவ உன் வீடியோவப் பாத்துத்தான் இத்த வாங்குனா. என் பி.எஃப்.ல எடுத்துக் குடுத்தேன். இப்ப ஓட மாட்டேங்குது தம்பி. நாளைக்கு அவளுக்கு டெஸ்ட்டு" என்றார்.

"என்ன டெஸ்ட்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண்ணே சொன்னாள். எஸ்டேட்டில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸ். தொழிற்சாலைகளுக்கான பிரஸ் டூல், ஃபிக்ஸ்சர் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவர்கள். ஒரே ஒரு டிரெய்னி எடுக்கிறார்கள். சொந்த லேப்டாப்பில்தான் வேலை செய்ய வேண்டும். சாஃப்ட்வேரை அவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாளை காலையில் பல பாகங்கள் சேர்ந்த ஒரு பெரிய அசெம்பிளியைத் திறந்து, மூன்று மணி நேரத்தில் டிராயிங் முடித்துக் கொடுக்க வேண்டும். "கெடைக்கலைனா செல்போன் கம்பெனில போன் பூட்டுற லைன்தாண்ணே. என் கிளாஸ் பொண்ணுங்க அல்லாரும் அங்கதான் போவுதுங்க. எனக்கு வரையணும்" என்றாள்.

எனக்கு வரையணும். இரண்டே வார்த்தை. அவள் அதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை, ஊர் பெயர் சொல்வதுபோலச் சொன்னாள்.

இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் மெஷினை ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தேன். கையில் செருகுகிற ரேம் என்றால் அதன் வகையை அங்கே காட்டும். இங்கே பற்றவைத்த சிப்புகளின் வரிசை என்று காட்டியது. அதில் வரும் தகவல் சில நேரம் தப்பாகவும் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் ஸ்லாட் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பலகையில் வெறும் ஈயப் புள்ளிகள் இரண்டு வரிசை. ஸ்லாட்டைப் பொருத்த இடம் விட்டிருக்கிறார்கள், பொருத்தவில்லை. பெட்டியைக் கொண்டுவந்திருந்தால் பக்கவாட்டிலேயே கடைசி இரண்டு எழுத்தைப் படித்திருக்கலாம்.

"பூந்தமல்லில ஒரு கடையில காட்டுனேண்ணே. எடமே இல்ல, ரேம் போட முடியாதுன்னாரு. வீடியோல போடலாம்னு சொன்னீங்களே, அதான் அவருக்குத் தெரியலன்னு நெனச்சேன்" என்றாள்.

பன்னிரண்டு வருடம் அந்தப் பூந்தமல்லிக் கடைக்காரரின் வேலையைத்தான் நானும் செய்தேன். அவர் சொன்னது சரி. அவரை நம்பாமல் அந்தப் பெண் என்னை நம்பியிருக்கிறாள்.

"வாங்கினப்பவே திருப்பிக் குடுத்திருக்கலாமே?" என்றேன். கேட்கும்போதே என் வாயில் அறைந்துகொள்ளத் தோன்றியது.

"பழுதா இருந்தாதான் மாத்துவாங்களாம் தம்பி. இது பழுது இல்லியே, ஓடுது, மெதுவா ஓடுது. அதுவும் ஒரு வாரத்துக்குள்ள கேக்கணுமாம். காலேஜ்ல சின்னச் சின்ன படம் போட்டப்ப ஒண்ணும் தெரியல" என்றார் அம்மா.

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "அக்கா, தப்பு என்னுது. இதச் சொன்னேன், வெட்டிட்டோம்." அவ்வளவுதான். அந்த அம்மா என்னை டாக்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனசு வரவில்லை, வெட்கக்கேடு.

"சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்தான், சரி பண்ணிடலாம்" என்றேன்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். ஆன் ஆனதும் தானாகத் திறக்கிற புரோகிராம்களை நிறுத்தினேன். எஸ்எஸ்டியில் ஒரு பகுதியை ரேமுக்குத் துணையாக ஒதுக்கினேன். வரையும் சாஃப்ட்வேரில் பெரிய அசெம்பிளிகளை லேசாகத் திறக்கும் முறையை ஆன் செய்தேன். எல்லாம் உண்மையான வழிகள்தான், ஆனால் எட்டு ஜிபியை எந்தச் செட்டிங்கும் பதினாறு ஆக்காது. அந்த எட்டிலும் விண்டோஸ் பாதியை விழுங்கிவிடும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கும் அதிலிருந்தே பங்கு போகும். எனக்குத் தெரியும். அவள் கல்லூரியில் செய்த ஒரு பெஞ்ச் வைஸ், பட்டறை மேசையில் இரும்பைப் பிடித்து நிறுத்தும் கருவி, அதன் மாடலைத் திறந்து காட்டினாள். பதினைந்து இருபது பார்ட். சுழற்றினால் சுழன்றது. அவள் முகம் மலர்ந்தது.

அப்போதுதான் என் மேசையில் இருந்த மெஷினைக் கவனித்தாள்.

"இது வீடியோல வந்த லேப்டாப்தானண்ணே?"

"ஆமா."

அருகில் போய் அதன் மூடியின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள். "என்னுது மாதிரியேதான் கீது. இது நல்லா ஓடுதா?"

"அதுவும் அப்படி இப்படித்தான்" என்றேன்.

பதினாறு ஜிபி. அவளுடைய சாஃப்ட்வேரை அதில் ஏற்றியிருந்தால், டிசைன் ஆபீசில் கேட்டு லைசென்ஸை மாற்றியிருந்தால், மறுநாள் காலை அவள் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஞாயிறு முழுக்க மிச்சம் இருந்தது. நான் ஏன் கொடுக்கவில்லை? அடுத்த நாள் தள்ளுபடி விற்பனைக்கு வீடியோ போட வேண்டும், பாதி எடிட் அதில் இருந்தது. இது ஒரு காரணம். கொடுத்தால், "இது ஓடுது, என்னுது ஏன் ஓடல?" என்று கேட்பாள். அது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் உண்மையான காரணம்.

"தைரியமா போம்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா படியிறங்கும்போது திரும்பி, "ஆண்டவர் உன்ன நல்லா வெச்சிருப்பாரு தம்பி" என்றார்.

திங்கட்கிழமை எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. நானும் போன் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்கும் போகவில்லை, தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறு நண்பன்தான் விஷயத்தைச் சொன்னான். அவன் சித்தி அந்த அம்மாவோடு ஒரே கம்பெனியில் தைக்கிறவர்.

"அந்தப் பொண்ணுக்குப் போச்சு மச்சான். ஃபைல் ஓப்பன் ஆவவே இருவது நிமிசம் ஆச்சாம். நானூறு பார்ட்டாம். திருப்புனா ஸ்க்ரீன் வெள்ளையா நின்னுடுதாம். ரெண்டு தபா மொத்தமா க்ளோஸ் ஆயி, போட்டதெல்லாம் பூட்ச்சு. பாதி டிராயிங் கூட முடிக்கலயாம். அந்த ஆபீஸ்ல பெரியவரு நல்லவருதான் போல. உன் கை நல்லா கீதும்மா, மெசின்தான் சரியில்லன்னாராம். ஆனா இன்னொரு பையன் முடிச்சிட்டான், அவன எடுத்துக்கினாங்க. ஒரு சீட்டுதான கீது" என்றான்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "இன்னாடா?" என்றான். நாற்பது நொடியைச் சொன்னேன். ஊரே கேட்கப் பேசுகிறவன், பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் குரலைத் தாழ்த்தினான். "நான்தான வெட்டச் சொன்னேன்" என்றான். "சரின்னு சொன்னது நான்" என்றேன். யார் குற்றம் பெரிது என்று கொஞ்ச நேரம் இருவரும் போட்டி போட்டோம். அந்தப் பெண்ணுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல எனக்கு மேலும் இரண்டு மாதம் பிடித்தது. அதற்குள் அவள் டிப்ளமோ முடித்து, செல்போன் கம்பெனி லைனில் சேர்ந்துவிட்டாள். என் மெஷினைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அதைக் கொடுத்துவிட்டு, விஷயத்தைச் சொல்லிவிட்டு, இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு இலகுவாகத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. சொல்லக் கூசுகிறது, ஆனால் அதுதான் கணக்கு.

ஆவடிக்குப் போகும் வழியில் ஒரு காலனி, மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். மாலை நாலு மணி. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கியவள் அப்போதுதான் எழுந்து, தலை கலைந்து, கம்பெனி அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்த வயதில் அந்தக் கறுப்பு வரக்கூடாது. அம்மா வேலைக்குப் போயிருந்தார். பதினோராம் வகுப்பு படிக்கும் தங்கை ஒரு ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

நின்றுகொண்டே சொன்னேன். ஒரே பெயரில் இரண்டு வகை மெஷின் உண்டு என்பது எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொன்னேன். அதை வீடியோவில் பேசியதையும், பார்க்கிறவர்கள் எழுந்து போகிறார்கள் என்று வெட்டியதையும் சொன்னேன். அந்த ஞாயிறு மூடியைத் திறந்தபோதே எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்தும் அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் பையை அவள் முன்னால் வைத்தேன்.

அவள் பையைத் திறக்கவில்லை. அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எழுந்து போவாங்கன்னு வெட்னீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் போவலண்ணே. மூணு தபா பாத்தேன். நிறுத்தி நிறுத்தி."

எழுந்து அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். நீள நோட்டு, பாலிடெக்னிக் பெயர் போட்டது. ஒரு பக்கத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். மேலே, வரைகிறவர்களுக்கே உரிய, அச்சடித்தது போன்ற கையெழுத்தில், லேப்டாப் வாங்கும் முன் பார்க்க வேண்டிய நாலு விஷயம் என்று எழுதி, கீழே அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். ஒன்று, பிராசஸர். நான் சொன்னது ஒரு சொல் விடாமல் இருந்தது. இரண்டு, எஸ்எஸ்டி. மூன்று, டிஸ்ப்ளே, சாய்ந்து பார்க்கவும் என்று அடைப்புக்குறிக்குள். அதற்கும் கீழே நாலு என்று எண் போட்டு, ஒரு புள்ளி வைத்து, ஐந்து வரி இடம் விட்டிருந்தாள்.

தொடக்கத்தில் நான்கு விரல் நீட்டிய என்னை நாங்கள் வெட்டவே இல்லை. எனக்கு அது அந்த நிமிடம்தான் தெரிந்தது. லட்சம் பேர் பார்த்தார்கள், நாங்கள் இருவரும் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தோம், ஒருவரும் எண்ணவில்லை. இவள் எண்ணியிருக்கிறாள்.

"கமென்ட்ல கேட்டேண்ணே. அண்ணா நாலாவது விஷயம் என்ன, வாங்குறதுக்கு முன்ன தெரிஞ்சிக்கணும்னு. நீங்க ஹார்ட்டு போட்டீங்க. சரி, பதில் வரும்னு நாலு நாள் பாத்தேன். அப்பால ஆஃபர் முடியுதுன்னு காட்டுச்சு, வாங்கிட்டேன்."

போனை எடுத்து அதைக் காட்டப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். "மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கீழே தெருவில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவளுடைய பஸ் ஆறு மணிக்கு என்றாள்.

"லேப்டாப்ப எடுத்துக்கம்மா. அந்த ஆபீஸ்ல நானே போய்ப் பேசுறேன்" என்றேன்.

"அங்க ஆள் எடுத்துட்டாங்கண்ணே. இங்க பன்னண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து இத்த வெச்சுக்கினு நான் இன்னா பண்ணுவேன்? ஒக்காந்தா தூக்கம் வருது." பையை என் பக்கமாக நகர்த்தினாள். கோபமாக இல்லை, இடைஞ்சலாக இருக்கும் சாமானை ஒதுக்கி வைப்பதுபோல.

பிறகு தங்கையின் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். நோட்டை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ அடுத்த வருசம் முடிச்சிட்டுக் காலேஜ் போவணும். நாலாவது இன்னான்னு இப்பச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சொன்னேன். ரேம், ஸ்லாட், மாடல் எண்ணின் கடைசி இரண்டு எழுத்து, பெட்டியின் பக்கவாட்டு, விற்பவரிடம் கேட்பது. அவள் தலை நிமிராமல் எழுதினாள். ஐந்து வரி இடம் சரியாக இருந்தது. நாற்பது நொடிகூட ஆகவில்லை.